கையெழுத்துப் போடும் முன்: ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தத்தில் பொறுப்பு வரம்பும் ஈட்டுறுதியும்

ஃப்ரீலான்ஸ் வேலைக்கான ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடிப் பார்ப்பது தொகை, தவணை, கெடு. வேலை நல்லபடியாக முடிந்தால் என்ன கிடைக்கும் என்பதை அந்த மூன்றும் சொல்லிவிடும். வேலையில் பிழை நேர்ந்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பதைச் சொல்பவை வேறு இரண்டு ஷரத்துகள். ஒன்று 'லிமிட்டேஷன் ஆஃப் லயபிலிட்டி', அதாவது பொறுப்பு வரம்பு. இன்னொன்று 'இன்டெம்னிட்டி', சட்டத் தமிழில் ஈட்டுறுதி. பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் இருக்கும். இந்த இரண்டையும் எப்படிப் படிப்பது, எந்தச் சொல்லை மாற்றக் கேட்பது, தொழில்முறைக் காப்பீடு எந்த இடத்தில் உதவும் என்பதை ஓர் இந்திய ஒப்பந்தத்தை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு ஒன்றைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் தனியாக இணையதளம் செய்துகொடுக்கும் ஒருவர், ஒரு சேலைக் கடைக்கு ஆன்லைன் கடை அமைத்துத் தருகிறார். கட்டணம் ₹2,40,000. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு தளம் திறக்கிறது. விற்பனை நாளில் தள்ளுபடிக் கூப்பன் ஒரே ஆர்டரில் இரண்டு முறை ஏறிவிடுகிறது. கவனிப்பதற்குள் 310 ஆர்டர்களில் ஆளுக்கு ₹600 கூடுதலாகக் கழிந்துபோகிறது. சரிசெய்யத் தளத்தை இரண்டு நாள் மூட வேண்டியிருக்கிறது. இது போதாதென்று, முகப்புப் பக்கத்தில் அவர் இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட ஒரு புகைப்படத்துக்கு உரிமையாளர் ₹1,50,000 கேட்டுக் கடைக்கு நோட்டீஸ் அனுப்புகிறார்.

கடைக்காரர் கேட்கும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். கூப்பன் இழப்பு ₹1,86,000. இரண்டு நாள் விற்பனை போனதற்கு ₹7,00,000. புகைப்பட உரிமையாளருக்கு ₹1,50,000. அந்த நோட்டீசுக்குப் பதில் கொடுத்த வக்கீல் செலவு ₹60,000. மொத்தம் ₹10,96,000. வாங்கிய கட்டணத்தைப் போல நாலரை மடங்குக்கும் மேல்.

முதல் படி: ஷரத்தே இல்லாவிட்டால் சட்டம் எவ்வளவு கேட்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதாவிட்டாலும் பொறுப்பு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு கேட்கலாம். தொலைவான, சுற்றி வளைத்து வரும் நஷ்டத்துக்குக் கேட்க முடியாது.

சட்டப் புத்தகத்திலேயே இதற்கு ஓர் அருமையான விளக்கம் இருக்கிறது. ஆலைக்காரர் ஒருவர் இயந்திரம் ஒன்றை வண்டிக்காரரிடம் கொடுத்து, 'இது இல்லாமல் ஆலை நிற்கிறது' என்றும் சொல்லி அனுப்புகிறார். வண்டிக்காரர் தாமதித்ததால் ஆலைக்காரருக்கு அரசாங்க ஒப்பந்தம் ஒன்று கைநழுவிப் போகிறது. தாமதமான நாட்களில் ஆலை ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் சராசரி லாபத்தை வண்டிக்காரர் தர வேண்டும்; அரசாங்க ஒப்பந்தம் போனதற்குத் தர வேண்டியதில்லை.

நம் சேலைக் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கடைக்காரர் கேட்பது இரண்டு நாள் விற்பனைத் தொகை. சட்டம் பார்ப்பது லாபத்தை. ₹7,00,000 விற்பனையில் லாப விகிதம் 20 சதவீதம் என்றால் வழக்காடக்கூடிய தொகை ₹1,40,000-தான். ஆனால் அந்த ₹1,40,000 'சுற்றி வளைத்து வரும் நஷ்டம்' என்று தப்பித்துவிட முடியாது. ஆன்லைன் கடை மூடினால் விற்பனை லாபம் போகும் என்பது அதைக் கட்டிக்கொடுத்தவருக்குத் தெரிந்த விஷயம். இதை மனதில் வையுங்கள். பொறுப்பு வரம்பை எழுதும்போது திரும்ப வரும்.

அதே பிரிவின் கீழ் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. நஷ்டம் அடைந்தவர் அதைக் குறைக்கத் தம் கையில் இருந்த வழிகளைப் பயன்படுத்தினாரா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூப்பன் கோளாறு காலையில் தெரிந்தும், கூட்டம் போய்விடுமே என்று மாலைவரை விட்டுவைத்தால், தெரிந்த பிறகு வந்த ஆர்டர்களின் நஷ்டத்தை முழுதாக உங்கள் தலையில் கட்ட முடியாது. அதனால்தான் கோளாறு தெரிந்த நிமிடமே 'கூப்பனை நிறுத்துங்கள்' என்று எழுத்தில், நேரத்தோடு மெயில் அனுப்புவது முக்கியம்.

இரண்டாம் படி: ஈட்டுறுதி ஷரத்தைச் சொல் சொல்லாகப் பிரியுங்கள்

இதே சட்டத்தின் 124-ஆம் பிரிவு ஈட்டுறுதியை வரையறுக்கிறது. வாக்குக் கொடுப்பவரின் செயலாலோ வேறு யாருடைய செயலாலோ மற்றவருக்கு வரும் நஷ்டத்திலிருந்து அவரைக் காப்பதாகக் கொடுக்கும் வாக்குறுதிதான் அது. 'வேறு யாருடைய செயலாலோ' என்பதைக் கவனியுங்கள். சாதாரண நஷ்டஈட்டுக்கு நீங்கள் ஒப்பந்தத்தை மீறியிருக்க வேண்டும். ஈட்டுறுதிக்கு அது தேவையில்லை. எழுதியிருக்கும் சம்பவம் நடந்தாலே போதும். 125-ஆம் பிரிவின்படி, அந்த விஷயத்தில் தமக்கு எதிராக வந்த வழக்கில் கட்ட நேர்ந்த நஷ்டஈட்டையும் வழக்குச் செலவையும், முறையாகச் செய்துகொண்ட சமரசத் தொகையையும் கிளையன்ட் உங்களிடம் கேட்கலாம். அவர் முதலில் தம் பையிலிருந்து கட்டிவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. பொறுப்பு உறுதியாகிவிட்டால் முன்கூட்டியே கேட்கலாம் என்று 1942-இலேயே பம்பாய் உயர் நீதிமன்றம் கஜானன் மொரேஷ்வர் வழக்கில் சொல்லிவிட்டது.

கிளையன்ட் அனுப்பும் வரைவில் வழக்கமாக இப்படி இருக்கும். தமிழில் பொருள் சொன்னால்:

> பணிகளிலிருந்தோ பணிகள் தொடர்பாகவோ எழும் எல்லாவித இழப்புகள், கோரிக்கைகள், அபராதங்கள், செலவுகளிலிருந்தும், அவை நேரடியானவையானாலும் மறைமுகமானவையானாலும், ஒப்பந்ததாரர் கிளையன்டையும் அதன் துணை நிறுவனங்களையும் காத்து, அவர்கள் சார்பில் வழக்காடி, நஷ்டமின்றி வைப்பார்.

ஆங்கிலத்தில் 'இன்டெம்னிஃபை, டிஃபெண்ட் அண்ட் ஹோல்ட் ஹார்ம்லெஸ்' என்று ஒரே மூச்சில் வரும் வாசகம் இதுதான். இதில் ஆபத்தான இடங்கள் மூன்று.

முதலாவது 'பணிகள் தொடர்பாக'. தவறு யாருடையது என்ற கேள்வியே இதில் இல்லை. கடைக்காரரின் ஊழியர் அட்மின் பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டு அதனால் தகவல் கசிந்தாலும், அது 'பணிகள் தொடர்பாக' எழுந்ததுதான் என்று வாதாடலாம். இதற்குப் பதிலாக 'ஒப்பந்ததாரரின் கவனக்குறைவால் அல்லது ஒப்பந்த மீறலால் ஏற்பட்ட அளவுக்கு' என்று கேளுங்கள். 'அளவுக்கு' என்ற சொல் சிறியது, வேலை பெரியது. தவறு பாதி அவருடையது என்றால் பாதிதான் உங்களுடையது.

இரண்டாவது, மூன்றாம் நபர் என்ற சொல் இல்லாதது. ஈட்டுறுதியின் நியாயமான இடம், வெளியாள் ஒருவர் கிளையன்ட் மீது பாய்வது. புகைப்பட உரிமையாளரின் நோட்டீஸ் அந்த வகை. கடைக்கு நேரே வந்த கூப்பன் நஷ்டம் அந்த வகையல்ல; அது சாதாரண ஒப்பந்த மீறல், 73-ஆம் பிரிவின் கட்டுப்பாடுகளுக்குள் வர வேண்டியது. 'மூன்றாம் நபரின் கோரிக்கைகள்' என்று குறுக்காவிட்டால் கடையின் சொந்த நஷ்டமும் ஈட்டுறுதி வழியாக வந்துவிடும். 'மறைமுகமானவையானாலும்' என்று வேறு எழுதியிருப்பதால், 73-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பையும் நீங்களே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தது போலாகும்.

மூன்றாவது 'வழக்காடி'. இது நஷ்டஈட்டைவிட முன்னால் வரும் செலவு. வழக்கு தோற்றாலும் ஜெயித்தாலும் வக்கீலுக்குக் கொடுத்தாக வேண்டும். தனி ஆளாக வேலை செய்பவர் இந்தக் கடமையை ஏற்றுக்கொள்ளாமல், 'நீதிமன்றத் தீர்ப்பின்படி அல்லது ஒப்பந்ததாரரின் எழுத்துச் சம்மதத்தோடு செய்த சமரசத்தின்படி கட்ட வேண்டிய தொகையும், நியாயமான வழக்குச் செலவும்' என்று நிறுத்திக்கொள்வது நல்லது. சம்மதம் இல்லாமல் கிளையன்ட் ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு ரசீதை உங்களுக்கு அனுப்புவதை இது தடுக்கும்.

இவற்றைச் சேர்த்தால் கேட்க வேண்டிய வாசகம் இப்படி அமையும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் இதே பொருளை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

> ஒப்பந்ததாரர் உருவாக்கி ஒப்படைத்த பொருள் மூன்றாம் நபரின் பதிப்புரிமையை மீறுவதாக எழும் கோரிக்கையில், ஒப்பந்ததாரரின் கவனக்குறைவால் அல்லது ஒப்பந்த மீறலால் ஏற்பட்ட அளவுக்கு, இறுதித் தீர்ப்பின்படி அல்லது ஒப்பந்ததாரர் எழுத்தில் சம்மதித்த சமரசத்தின்படி கட்ட வேண்டிய தொகையையும் நியாயமான வழக்குச் செலவையும் அவர் ஈடுசெய்வார். கிளையன்ட் கொடுத்த படம், எழுத்து, தரவு, அல்லது ஒப்படைத்த பின் கிளையன்ட் செய்த மாற்றம் ஆகியவற்றால் எழும் கோரிக்கைகளுக்கு இது பொருந்தாது. கோரிக்கை வந்த 10 நாட்களுக்குள் கிளையன்ட் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கிளையன்ட் கொடுத்த பொருளுக்கு அவர் பதிலுக்கு உங்களுக்கு ஈட்டுறுதி தர வேண்டும் என்றும் ஒரு வரி கேளுங்கள். கடையே ஐம்பது புகைப்படங்கள் கொடுத்து, அதில் ஒன்று திருட்டுப் படமாக இருந்தால், உரிமையாளர் தளத்தைக் கட்டிய உங்களையும் சேர்த்தே எதிர்வாதியாக்கலாம்.

தனிநபர் தகவலைக் கையாளும் வேலை என்றால் இங்கே இன்னும் கவனம் தேவை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டம் அந்தப் பொறுப்பை வைப்பது தகவலைத் திரட்டும் நிறுவனத்தின் மேல். அதற்காக வேலை பார்க்கும் உங்கள் மேல் அல்ல. வரைவில் 'அபராதங்கள்' என்ற ஒரு சொல்லை விட்டுவைத்தால், சட்டம் உங்கள் மேல் வைக்காததை ஒப்பந்தம் வைத்துவிடும். அந்தச் சொல்லை நீக்கக் கேளுங்கள்.

மூன்றாம் படி: வரம்பை எழுதுங்கள், வரம்புக்குள் ஓட்டை இருக்கிறதா பாருங்கள்

பொறுப்பு வரம்பு இந்திய நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கைப் பார்க்கலாம். ஜெர்மனியில் சரக்கு வாங்குபவருக்கு அனுப்பிய ஆவணங்கள் கூரியரில் போய்ச் சேரவில்லை. நகல் போவதற்குள் சீசன் முடிந்து, வாங்குபவர் விலையைக் குறைத்துவிட்டார். பின்னலாடை நிறுவனத்தின் நஷ்டம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல். கூரியர் ரசீதிலோ பொறுப்பு 100 டாலர் என்று அச்சடித்திருந்தது. அதில் கையெழுத்தும் இருந்தது. கையெழுத்திட்டவரை அந்த வரம்பு கட்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 100 டாலரோடு நிறுத்தியது. வேண்டுமென்றே செய்த தீங்கையோ மோசடியையோ எந்த வரம்பும் காப்பாற்றாது. ஆனால் நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழைக்கு, இரு தரப்பும் படித்துக் கையெழுத்திட்ட வரம்பை நம்பலாம்.

வரம்பு எழுதும்போது நான்கு கேள்விகளுக்கு அந்த வாசகத்திலேயே பதில் இருக்க வேண்டும்.

எவ்வளவு? ஒரே தடவை முடியும் வேலைக்கு மொத்தக் கட்டணம் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. மாதாமாதம் ஓடும் வேலைக்குக் 'கோரிக்கை எழுந்த நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் செலுத்திய கட்டணம்' என்பார்கள். இங்கே 'செலுத்திய' என்றா 'செலுத்த வேண்டிய' என்றா இருக்கிறது என்று பாருங்கள். கிளையன்ட் பாக்கி வைத்திருந்தால் முன்னது உங்கள் வரம்பைக் குறைக்கும், பின்னது கூட்டும். முன்னதைக் கேட்டுப் பார்க்கலாம்; கிளையன்ட் பின்னதைக் கேட்டால் அதுவும் நியாயம்தான், அதற்காக முறுக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொன்றுக்குமா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா? 'ஒவ்வொரு கோரிக்கைக்கும் ₹2,40,000' என்றிருந்தால் மூன்று கோரிக்கை வந்தால் ₹7,20,000. 'இந்த ஒப்பந்தத்தின் கீழ் எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து மொத்தம்' என்று எழுத வேண்டும்.

எந்த நஷ்டம் அறவே கிடையாது? பலர் 'மறைமுக நஷ்டங்களுக்குப் பொறுப்பில்லை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். முதல் படியில் பார்த்தது இங்கேதான் வருகிறது. மூடிக்கிடந்த ஆன்லைன் கடையின் லாப இழப்பு நேரடி நஷ்டம் என்றே கருதப்படலாம். அப்படியானால் 'மறைமுக' என்ற சொல் உங்களைக் காக்காது. 'லாப இழப்பு, விற்பனை இழப்பு, நற்பெயர் இழப்பு ஆகியவை நேரடியானவையானாலும் மறைமுகமானவையானாலும்' என்று பெயர் சொல்லி விலக்க வேண்டும்.

வரம்புக்கு வெளியே எதை வைத்திருக்கிறார்கள்? புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த வரியில். வரம்பு ஷரத்தின் ஆரம்பத்திலோ முடிவிலோ 'ஈட்டுறுதிக் கடமைகள் நீங்கலாக' என்று ஒரு சொற்றொடர் இருக்கும். ஈட்டுறுதி அகலமாக இருந்து, அது வரம்புக்கும் வெளியே இருந்தால், வரம்பு இருந்தும் இல்லாததுதான். எந்த நஷ்டத்தையும் ஈட்டுறுதி வழியாகக் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே இரண்டு ஷரத்துகளையும் அருகருகே வைத்து ஒன்றாகவே படியுங்கள்.

பதிப்புரிமை, ரகசியத் தகவல் ஆகியவற்றுக்கு வரம்பே கூடாது என்று கிளையன்ட் பிடிவாதமாக நிற்பது சகஜம். அதற்கு நடுவழி ஒன்று உண்டு: அந்த இரண்டுக்கு மட்டும் தனியாக ஓர் உயர் வரம்பு. நம் எடுத்துக்காட்டில் பொதுவரம்பு ₹2,40,000, பதிப்புரிமை ஈட்டுறுதிக்குத் தனிவரம்பு ₹5,00,000 என்று வைக்கலாம். வரம்பே இல்லாமல் மீதமிருக்க வேண்டியது மோசடி, வேண்டுமென்றே செய்த தீங்கு இவை மட்டும்தான்.

'ஆறு மாதத்துக்குப் பிறகு கோரிக்கை செல்லாது' என்று கால வரம்பும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்தியாவில் அதை நம்பாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, சட்டம் தரும் வழக்குக் காலத்தைக் குறைக்கும் ஷரத்தையும், குறிப்பிட்ட காலம் முடிந்ததும் உரிமையையே அழிக்கும் ஷரத்தையும் செல்லாததாக்குகிறது. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட, மீறல் நடந்ததிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆறு மாதம் என்பதை 'இலவசமாகப் பிழை திருத்தித் தரும் காலம்' என்று வைத்துக்கொள்வது வேறு. அது சரியானது, பயனுள்ளதும்கூட.

இன்னும் ஒரு வரி. சில லட்ச ரூபாய்க்கு யாரும் உடனே கோர்ட்டுக்கு ஓடுவதில்லை. கடைசித் தவணையைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள். 'எழுத்தில் ஒப்புக்கொள்ளாத அல்லது தீர்ப்பாகாத கோரிக்கையைக் காட்டி இன்வாய்ஸ் தொகையைப் பிடித்தம் செய்யக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். நடைமுறையில் பெரிய ஷரத்துகளைவிட இந்த வரிதான் அடிக்கடி கைகொடுக்கும்.

கணக்கைத் திரும்பப் போடுவோம்

கிளையன்டின் வரைவில் அப்படியே கையெழுத்திட்டிருந்தால் ₹10,96,000 முழுவதற்கும் கோரிக்கை எழும்பும். விற்பனைத் தொகையைக் குறைத்து வாதாடலாம், ஆனால் 'எல்லாவித இழப்புகள், நேரடி, மறைமுகம்' என்ற சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

திருத்திய வாசகத்தில், கூப்பன் நஷ்டம் ₹1,86,000 பொதுவரம்புக்குள் அடங்குகிறது, கட்ட வேண்டியதுதான். விற்பனை, லாப இழப்பு பெயர் சொல்லி விலக்கப்பட்டதால் அதில் ஒன்றுமில்லை. புகைப்படம் தளம் செய்துகொடுத்தவரே இணையத்திலிருந்து எடுத்துப் போட்டது. ₹1,50,000, வக்கீல் செலவு ₹60,000, சேர்த்து ₹2,10,000, தனிவரம்புக்குள் வருகிறது. ஆகமொத்தம் ₹3,96,000.

கோரிக்கை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாங்கிய கட்டணத்தைவிட ₹1,56,000 அதிகம். தனிநபராக, அல்லது புரொப்ரைட்டர்ஷிப்பாகத் தொழில் செய்பவருக்கு இந்தத் தொகை சேமிப்பிலிருந்தோ நகையிலிருந்தோதான் வர வேண்டும். தொழிலின் சொத்து, வீட்டின் சொத்து என்று சட்டத்தில் அங்கே பிரிவினை இல்லை. எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒப்பந்தம் பூஜ்ஜியம் ஆக்காது.

ஒப்பந்தத்தால் அறவே தடுக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. பொறுப்பு வரம்பு கட்டுவது அதில் கையெழுத்திட்டவரை மட்டும்தான். புகைப்பட உரிமையாளர் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அவர் கடையை விட்டுவிட்டு நேரே உங்கள் மேல் வழக்குப் போட்டால், ₹5,00,000 என்று நீங்கள் பாடுபட்டு வாங்கிய வரம்பு அங்கே செல்லாது.

நான்காம் படி: காப்பீடு அந்த மிச்சத்துக்கு

இந்தியப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'புரொஃபஷனல் இன்டெம்னிட்டி' என்ற பெயரில் பாலிசி தருகின்றன. உங்கள் தொழில்வேலையில் நேர்ந்த கவனக்குறைவு, பிழை, விடுபாடு ஆகியவற்றால் மற்றவருக்கு வந்த பண நஷ்டத்தையும், அந்த வழக்கை எதிர்கொள்ளும் செலவையும் அது தாங்கும். மென்பொருள் வேலைக்கு 'டெக்னாலஜி எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ்' என்று தனி வடிவமும் உண்டு. தனி ஃப்ரீலான்சர் என்றால் நேரே இணையத்தில் வாங்குவதைவிட, பொறுப்புக் காப்பீடு பார்க்கும் புரோக்கரிடம் உங்கள் ஒப்பந்த மாதிரியையும் கொடுத்துப் பேசுவது நல்லது. ஆண்டு வருமானம், வேலையின் வகை, எந்த நாட்டுக் கிளையன்ட்கள், ஆகப் பெரிய ஒப்பந்தத்தின் மதிப்பு, முன்பு வந்த கோரிக்கைகள் ஆகியவற்றைப் படிவம் கேட்கும். மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியையே மறுக்க இடம் கிடைக்கும்.

நம் எடுத்துக்காட்டில் அவரிடம் ₹25,00,000-க்குப் பாலிசி, ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் ₹25,000 அவர் ஏற்க வேண்டும் என்ற டிடக்டபிள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூப்பன் ஒரு கோரிக்கை, புகைப்படம் இன்னொன்று. தெரியாமல் செய்த பதிப்புரிமை மீறலும் அந்தப் பாலிசியில் அடக்கம் என்றால், ₹3,96,000-இல் அவர் கையிலிருந்து போவது ₹50,000. பதிப்புரிமை எல்லாப் பாலிசியிலும் தானாக வருவதில்லை. வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டிய விஷயம் அது. வேலையைத் திரும்பச் செய்து தரும் செலவும், திருப்பிக் கொடுத்த கட்டணமும் பொதுவாக இதில் சேராது.

ஒப்பந்த வாசகமும் பாலிசியும் முட்டிக்கொள்ளும் இடத்தைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் 'ஒப்பந்தத்தால் ஏற்ற பொறுப்பு' என்று ஒரு விலக்கு உண்டு. சட்டப்படி உங்களுக்கு வந்திருக்கும் பொறுப்பைக் காப்பீடு ஏற்கும். சட்டத்துக்கு மேலே போய் நீங்களாக ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்ததை ஏற்காது. தவறே இல்லாமல் 'பணிகள் தொடர்பாக' வந்த நஷ்டத்துக்குக் கொடுத்த ஈட்டுறுதி, தாமதத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொண்ட தொகை, இவை அந்த விலக்கில் விழுபவை. அகலமான ஈட்டுறுதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு 'பாலிசி இருக்கிறதே' என்று இருப்பவருக்கு, அதிகம் தேவைப்படும் இடத்தில் பாலிசி உதவாமல் போகும். இரண்டாம் படியில் 'கவனக்குறைவால் ஏற்பட்ட அளவுக்கு' என்று குறுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்: அந்தச் சொற்கள் ஒப்பந்தத்தையும் பாலிசியையும் ஒரே கோட்டில் நிறுத்துகின்றன.

பாலிசியின் காலக்கணக்கு வாகனக் காப்பீடு போன்றதல்ல. இது 'கிளெய்ம்ஸ் மேட்' வகை. பிழை நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதாது. கோரிக்கை வந்து சேரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். வேலை நடந்தது பாலிசியில் குறித்த 'ரெட்ரோஆக்டிவ்' தேதிக்குப் பிறகாகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன 3 ஆண்டு அவகாசத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2025 அக்டோபரில் ஒப்படைத்த தளத்துக்கு 2027-இல் நோட்டீஸ் வரலாம். நடுவில் ஓர் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், ரெட்ரோஆக்டிவ் தேதி புதிய நாளிலிருந்து தொடங்கி, பழைய வேலைகள் எல்லாம் வெளியே போய்விடக்கூடும். நிறுவனம் மாற்றினாலும் பழைய தேதியைத் தொடரச் சொல்லிக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் கிளையன்ட் இருந்தால் பாலிசியில் 'டெரிட்டரி', 'ஜூரிஸ்டிக்‌ஷன்' என்ற இரண்டு கட்டங்களைப் பாருங்கள். இந்தியா மட்டும் என்றிருந்தால் நியூயார்க்கில் போட்ட வழக்குக்கு அது உதவாது. 'உலகம் முழுவதும், அமெரிக்காவும் கனடாவும் நீங்கலாக' என்பதும் வழக்கமான வாசகம். அமெரிக்கக் கிளையன்டை நம்பித் தொழில் நடத்துபவருக்கு அந்தப் பாலிசியால் பயனில்லை. வழக்குச் செலவு பாலிசித் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்பதும் தெரிய வேண்டும். உள்ளே என்றால் வக்கீலுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் நஷ்டஈட்டுக்கு மிஞ்சுவதைக் குறைக்கும்.

கோளாறு நேர்ந்த நாளில்

கிளையன்ட் கோபமாகக் கூப்பிடும்போது 'சார், என் தப்புதான், முழுதும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பத் தோன்றும். மனிதத்தன்மையான பதில்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டாலோ தொகை பேசி முடித்தாலோ, பாலிசி நிபந்தனையை மீறியதாகிவிடும். கோளாறைச் சரிசெய்வதை நிறுத்தவும் வேண்டாம். இப்படி எழுதலாம்:

> வணக்கம் சார். கூப்பன் கோளாறு காலை 11.20-க்குத் தெரியவந்தது. உடனே கூப்பனை நிறுத்திவைத்திருக்கிறேன். உங்கள் தரப்பிலும் அதைத் திரும்ப இயக்க வேண்டாம். காரணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாலை 5 மணிக்குள் நிலவரம் சொல்கிறேன். பாதித்த ஆர்டர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தொகை பற்றி ஒப்பந்தப்படி எழுத்தில் பேசுவோம்.

அன்றைக்கே புரோக்கருக்கும் தெரிவித்துவிடுங்கள். இன்னும் நோட்டீஸ் வரவில்லை, கிளையன்ட் சமாதானமாகிவிடுவார் என்று காத்திருக்கக் கூடாது. கோரிக்கையாக மாறக்கூடிய சூழ்நிலை தெரிந்ததுமே அறிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. தெரிந்தும் சொல்லாமல் புதுப்பித்தால், 'முன்பே அறிந்த சம்பவம்' என்று அடுத்த ஆண்டுப் பாலிசி அதை ஒதுக்கிவிடும்.

கிளையன்ட் ஒத்துக்கொள்ளாவிட்டால்

எல்லாத் திருத்தத்தையும் ஒரே நேரத்தில் கேட்டால் கிளையன்டின் சட்டத் துறை மொத்தமாக மறுத்துவிடும். இந்த வரிசையில் கேளுங்கள்: முதலில் ஈட்டுறுதியும் வரம்புக்குள் வர வேண்டும், அல்லது தனிவரம்பு வேண்டும். அடுத்து 'கவனக்குறைவால் ஏற்பட்ட அளவுக்கு'. மூன்றாவது லாப இழப்பு விலக்கு. வாதாடும்போது உங்கள் பயத்தைச் சொல்லாதீர்கள். அவர்களுக்குப் பயன்படும் காரணத்தைச் சொல்லுங்கள். 'என் பாலிசி கவனக்குறைவால் வரும் பொறுப்பைத்தான் ஏற்கும். அதைத் தாண்டி எழுதினால் உங்களுக்குக் காகிதத்தில் உரிமை இருக்கும், வசூலிக்கப் பணம் இருக்காது' என்பது எந்தச் சட்ட அலுவலருக்கும் புரியும் கணக்கு.

ஒரு கோடி ரூபாய்க்குப் பாலிசி வேண்டும் என்று ₹2,40,000 வேலைக்குக் கேட்கும் கிளையன்டும் உண்டு. ஏற்கலாம், அதற்கான கூடுதல் பிரீமியத்தைக் கட்டணத்தில் தனி வரியாகக் காட்டிக் கேளுங்கள். வரம்பற்ற ஈட்டுறுதியில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டோம் என்றால், வேலையின் தன்மையைப் பார்த்து முடிவெடுங்கள். பத்துப் பக்கக் கட்டுரைக்கு எழுத்துத் திருத்தம் என்றால் ஆபத்து சிறியது. பணம் கைமாறும் தளமோ நோயாளிகளின் தகவலோ சம்பந்தப்பட்ட வேலை என்றால், ₹2,40,000-க்காக அந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம்.